கலாத்தியர் 3:28 பிரசங்கம் தயார்; ஆனால் கடைசி பெஞ்சு கடைசி பெஞ்சாகவே இருக்குமே?

கிளைச்சபை ஊழியன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தின் தாய்ச்சபையில் வருகிற மூன்றாம் ஞாயிறு பிரசங்கம் என் முறை. நான் குருவானவர் இல்லை, சபை ஊழியர்தான். சாதியைப் பற்றிப் பேசலாம் என்று எங்கள் குருவானவரே சொல்லிவிட்டார். "பார்த்துப் பேசு தம்பி" என்று ஒரு வால் சேர்த்துச் சொன்னார்.

நிலைமை இது. சுமார் 160 குடும்பங்கள் உள்ள சபை. அதில் 24 குடும்பங்கள் கிழக்குத் தெருவில் இருந்து வருபவர்கள். அவர்கள் தெருவில் இருந்த சின்ன ஆலயத்தின் கூரை பழுதானதால் நான்கு வருடம் முன்பு இங்கே வந்து சேர்ந்தார்கள். இங்கே உட்காருங்கள், அங்கே உட்காராதீர்கள் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. ஆனால் வடக்கு வாசல் வழியாக வந்து பின்னால் உள்ள நான்கு பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். திருவிருந்துக்கும் கடைசியாகத்தான் எழுந்து வருகிறார்கள்.

போன மாதம் ஒன்று பார்த்தேன். ஒரு பாட்டி, கால் வலியோ என்னவோ, நடு வரிசை எழுந்தபோதே தானும் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த மகன் சேலைத் தலைப்பைப் பிடித்து மெதுவாக இழுத்து உட்கார வைத்தான். வேறு யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அப்புறம் பாட்டு ஓடவில்லை.

"யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை" வசனத்தை வைத்து 18 நிமிடத்துக்கு எழுதி முடித்துவிட்டேன். படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிக்கு இதனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டால் பதில் இல்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

துதியின் தொனி

சகோதரரே, பேசப் பேசத்தான் சாதி வளரும். எங்கள் சபையில் யாரும் சாதி பார்ப்பதில்லை, நாங்கள் அதைப் பேசுவதும் இல்லை. அவரவர் பழகிய இடத்தில் உட்காருகிறார்கள், அதைப் போய் பிரச்சினை ஆக்குவானேன். தவிர இதெல்லாம் 1833-லேயே முடிந்த கதை. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டு ஒழித்துவிட்டார். கலாத்தியர் 3:28 போதும். வசனம் தன் வேலையைச் செய்யும்.

ஓய்வு ஐயா

தம்பி, நான் குருவானவராக 31 வருடம் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். கலாத்தியர் 3:28-ஐ வைத்து மூன்று சபைகளில் பிரசங்கம் செய்திருக்கிறேன். மூன்றிலும் வாசலில் கை கொடுத்து "நல்ல செய்தி ஐயா" என்றார்கள். அதிகமாகப் பாராட்டியவர்கள் முதல் வரிசைக்காரர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தால் மனிதன் அப்படிச் சிரித்துக் கை கொடுப்பானா?

முதலில் வில்சன் விஷயம். 1833-இல் அவர் எழுதியது உண்மை. சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம். ஆனால் முடிந்த கதை என்றீர்களே, அது சரியில்லை. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டமாக விலகிப் போனார்கள். எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் உண்டு. இன்றைக்கும் நாம் பாடுகிற கீர்த்தனைகளை எழுதியவர். விசுவாசத்தில் குறை சொல்ல முடியாத ஒருவர் இதில் மட்டும் ஏன் எதிர்த்தார் என்று பார்த்தால்தான் தம்பியின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

அவர்கள் தரப்பின் வாதம் என்ன? "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றுதான், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் சாதி மத விஷயம் அல்ல, உலக வழக்கம். உடை மாதிரி, பந்தி மாதிரி." மதுரையில் இயேசு சபைத் துறவி டி நோபிலி 1606-க்குப் பிறகு செய்த ஊழியமும் இதே அடித்தளத்தில்தான் நின்றது. ஆக "கிறிஸ்துவுக்குள் ஒன்று" என்ற வசனத்தை ஒப்புக்கொண்டுவிட்டே தனிப் பெஞ்சில் உட்காரலாம். ஆத்துமா பரலோகத்தில் சமம், உடம்பு ஆலயத்தில் அதன் இடத்தில். இந்த ஓட்டையை உன் 18 நிமிடம் அடைக்கவில்லை என்றால் அந்தப் பாட்டி உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்.

கலாத்தியர் வசனம் ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பற்றியது. அதனால் நான் ஞானஸ்நானத்தில் இருந்து தொடங்குவதை விட்டுவிட்டுச் சிருஷ்டிப்பில் இருந்து தொடங்கினேன். யோபு 31-ஆம் அதிகாரம், 13 முதல் 15 வரை எடுத்துப் பார். அங்கே யோபு ஆலயத்தைப் பற்றிப் பேசவில்லை. தன் வேலைக்காரன் தன்மேல் வழக்கு வைத்தால் அதை அசட்டை பண்ணலாமா என்று கேட்கிறார். காரணம் என்ன சொல்கிறார் தெரியுமா, என்னைத் தாயின் வயிற்றில் உண்டாக்கினவர்தானே அவனையும் உண்டாக்கினார் என்கிறார். கூலி, வழக்கு, வீட்டு வாசல், பந்தி எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது. "அது உலக வழக்கம்" என்று ஒதுங்க இடம் இல்லை, ஏனென்றால் உலகத்தை உண்டாக்கினவரை வைத்துத்தான் பேச்சே.

ஒரு எச்சரிக்கை. இதே பொருளுக்கு நீதிமொழிகள் 22:2-ஐ எடுத்தால் ஜாக்கிரதை. ஐசுவரியவானும் தரித்திரனும் சந்திக்கிறார்கள், அனைவரையும் உண்டாக்கினவர் கர்த்தர் என்று வரும். "பார்த்தீர்களா, பணக்காரனையும் ஏழையையும் அப்படியே படைத்தது ஆண்டவர்" என்று அதைத் தலைகீழாக்கி ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். மனிதர்களை உண்டாக்கினார் என்றுதான் வசனம், வரிசையை உண்டாக்கினார் என்று அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் அந்த வசனம் எதிரணிக்குப் போய்விடும்.

வழக்கறிஞர் செல்வின்

நல்ல தலைப்பு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்திதான் எல்லாவற்றுக்கும் வேர். இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது அது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்துவிட்டார்கள், கிறிஸ்தவருக்கு இல்லை. பிரசங்கத்தில் இதைத்தான் சொல்ல வேண்டும். கையெழுத்து இயக்கம் நடத்தலாம், மனு மாதிரி நான் தருகிறேன்.

கிளைச்சபை ஊழியன்

அண்ணே, அதுவும் நியாயமான விஷயம்தான். ஆனால் அது அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்பது. நான் கேட்பது எங்கள் பெஞ்சை. அரசாங்கத்தைத் திட்டினால் முதல் வரிசையும் சேர்ந்து ஆமென் சொல்லும்.

வழக்கறிஞர் செல்வின்

அதுவும் சரி 😅 இருந்தாலும் மனு வேண்டுமானால் சொல்லுங்கள்.

கிழக்கே ஒரு தெரு

நான் அந்தப் பின் பெஞ்சில் வளர்ந்தவன். வேறு ஊர், வேறு சபை, பெஞ்சு ஒன்றுதான். இரண்டு விஷயம் சொல்கிறேன், கோபப்படக் கூடாது.

ஒன்று, எங்களை வைத்துப் பிரசங்கம் பண்ணாதீர்கள். சின்ன வயதில் ஒரு ஐயா "பின்னால் இருக்கிற நம் எளிய சகோதரர்களைப் பாருங்கள்" என்று கையை நீட்டினார். 200 தலை திரும்பியது. அம்மா குனிந்துகொண்டாள். அன்றைக்கு அவர் எங்களுக்காகத்தான் பேசினார், ஆனால் அந்தக் கை நீட்டலை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு, எங்களுக்குள்ளும் வரிசை உண்டு. எங்கள் தெருவில் முதலில் ஆசிரியர் வேலை கிடைத்த அண்ணன் ஒருவர், மூன்று வருடத்தில் பெஞ்சு மாறிவிட்டார். ஐந்தாவது வரிசை. யாரும் தடுக்கவில்லை. சங்கக் காணிக்கை ஒழுங்காகக் கொடுப்பவர், டூ வீலரில் வருபவர். ஆனால் அவர் தங்கைக்குச் சம்பந்தம் பேசும்போது ஐந்தாவது வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணம் வந்தால் பெஞ்சு வரைக்கும் போகலாம், அதற்கு மேல் சாதி நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் "ஏற்றத்தாழ்வு" என்ற ஒரு வார்த்தையில் கட்டி விடாதீர்கள்.

ஓய்வு ஐயா

தம்பி சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் ஊழியரே. இந்தப் பாடத்தை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு சபையில் பிரசங்கத்துக்கு இரண்டு வாரம் முன்பு பின் பெஞ்சுப் பெரியவர் ஒருவரிடம், இதைப் பேசப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "பேசுங்க ஐயா. நீங்க மாற்றலாகிப் போயிருவீங்க. திங்கக்கிழமை அவங்க வயல்ல நிக்கப்போறது நாங்க" என்றார். அதோடு என் பழைய குறிப்பைக் கிழித்தேன்.

பாதிக்கப்பட்டவரைக் காட்டிப் பேசினால் அவருக்குத் திங்கட்கிழமை ஆபத்து. நடந்ததைக் காட்டாமல் பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. நடுவில் ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. இடம் காட்டுகிறவனைப் பற்றிப் பேசுவது. யாக்கோபு இரண்டாம் அதிகாரம் அதைத்தான் செய்கிறது. பொன் மோதிரக்காரனையும் அழுக்கு உடைக்காரனையும் அது கடிந்துகொள்ளவில்லை. உட்கார வைக்கிறவனைத்தான் பிடிக்கிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் மூன்றாம் வசனத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பணக்காரனிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்". தரித்திரனிடம் "நீ அங்கே நில்லு". நீர், நீ. கிரேக்க மூலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். மொழிபெயர்த்தவர்கள் நம் வாய் எப்படிப் பேசும் என்று தெரிந்தே இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். நான் இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வாசித்துவிட்டு, "உங்களைவிட வயதில் மூத்தவரை 'நீ' என்று கூப்பிட்டது கடைசியாக எப்போது? அவர் எந்தத் தெரு?" என்று கேட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு வாசலில் கை கொடுத்தவர்கள் பாதிப் பேர்தான்.

மேரி டீச்சர்

நான் கத்தோலிக்கப் பக்கம். எங்கள் கதையும் இதேதான் என்பதால் எழுதுகிறேன். வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரே பீடத்தைப் பார்க்கிற மாதிரி இரண்டு கைகளாகப் பிரித்துக் கோயில் கட்டி, நடுவில் சுவரும் வைத்தார்கள். ஒரு பக்கம் பிள்ளைமார், மறுபக்கம் நாடார்கள். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமார் தரப்பு நீதிமன்றம் போனது, சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே சுவர் பிரசங்கத்தால் விழவில்லை, கடப்பாரையால் விழுந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருக்கிறதே, அதற்கு எதிராக எத்தனை பேச்சு, எத்தனை போராட்டம்! இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணமே வெளியிட்டது. காகிதம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிரசங்கத்தில் பெரிய நம்பிக்கை இல்லை, மன்னிக்கவும்.

துதியின் தொனி

சரி, வில்சன் விஷயத்தில் நான் பாதி தெரிந்து பேசிவிட்டேன். ஆனால் தீர்வு சுலபமாகவே இருக்கிறதே. ஒரே பாத்திரம் என்பதால்தானே யார் முன்னே யார் பின்னே என்ற பேச்சு? கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம். யார் எப்போது வந்தாலும் ஒன்றுதான். பிரச்சினையே இல்லை.

கிழக்கே ஒரு தெரு

தொனி அண்ணே, அந்தக் கிண்ணம் வந்த பிறகும் கடைசியாக வருகிறவர்கள் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வு ஐயா

கிண்ணம் நோய்க்கு நல்லது. எச்சில் என்ற சாக்கு போய்விட்டது, அதுவும் உண்மை. ஆனால் சாக்கு போனால் வியாதி போனதாக ஆகாது. தனக்குப் பிறகு வருகிறவன் எவன் என்ற பயம் மறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரே பாத்திரமாக இருந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது.

1 கொரிந்தியர் 11-ஐ நாம் திருவிருந்து ஆராதனையில் மாதந்தோறும் கேட்கிறோம், ஆனால் 23-ஆம் வசனத்தில் இருந்து. அதற்கு முந்தைய ஐந்தாறு வசனங்களை யாரும் வாசிப்பதில்லை. அங்கேதான் விஷயம். வசதியானவர்கள் முதலில் வந்து சாப்பிட்டு முடிக்கிறார்கள், இல்லாதவர்கள் வரும்போது ஒன்றும் இல்லை. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா" என்று கேட்டுவிட்டு, கடைசியில் பவுல் கொடுக்கும் தீர்வு ரொம்பச் சாதாரணமானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அது வரிசையைப் பற்றிய கட்டளை! "அபாத்திரமாய்" பானம்பண்ணுவது என்றால் தனிப்பட்ட பாவம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அதிகாரத்தில் அது பந்தியில் நடந்த அவமானத்தைப் பற்றியது.

மேரி அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. பிரசங்கம் சுவரை இடிக்காது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சின்னச் செயலைக் கட்டி வைக்கலாம், பிரசங்கத்தோடு சேர்த்தே. நான் செய்தது இதுதான். சேகரக் கமிட்டியில் நான்கு பேரிடம் தனித்தனியாக முன்னாலேயே பேசினேன். கூட்டத்தில் தீர்மானமாக வைத்தால் தோற்றிருக்கும், அதனால் வைக்கவில்லை. ஆராதனை ஒழுங்கு குருவானவர் கையில் இருக்கிறது, அதற்குத் தீர்மானம் தேவையில்லை. பிரசங்கம் முடிந்த அதே ஆராதனையில், "இன்று பின் வரிசையில் இருந்து வாருங்கள், பாடகர் குழு கடைசி, நானும் அவர்களோடு" என்றேன். குருவானவர் கடைசியில் எடுப்பதைப் பார்த்ததும் முணுமுணுப்பு பாதி அடங்கியது.

கணக்கையும் மறைக்க மாட்டேன். இரண்டு குடும்பங்கள் நான்கு மாதம் பக்கத்து ஊர்ச் சபைக்குப் போனார்கள். ஒரு குடும்பம் திரும்பி வந்தது. அந்த வருட ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் மந்தம். பின் வரிசையில் இருந்து தொடங்குவது மட்டும் பழக்கமாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐந்தாம் வருடம் மாற்றல்.

கிளைச்சபை ஊழியன்

ஐயா, எனக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆராதனை ஒழுங்கு என் கையில் இல்லையே.

ஓய்வு ஐயா

அப்படியானால் உன் குருவானவரைக் கேள். "பார்த்துப் பேசு" என்றவர் மறுத்தாலும் உனக்கு ஒன்று தெரிந்துவிடும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் திருவிருந்து இல்லாத ஞாயிறாகப் பார்த்துப் பேசு. வரிசையைப் பற்றிப் பேசிவிட்டு உடனே பழைய வரிசையில் அனுப்பினால், பேசாமல் இருந்ததைவிட மோசம்.

மேரி டீச்சர்

இது எனக்குத் தோன்றாத கோணம். ஒரு கேள்வி: வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

ஓய்வு ஐயா

பாராட்டை நம்பமாட்டேன். "இந்தச் செய்தியை இன்னார் சபையில் போய்ச் சொல்லணும் ஐயா" என்று யாராவது சொன்னால் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து ஒருவர் சண்டை போட்டால், கேட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்து யார் எந்தப் பெஞ்சில், அசனத்தில் யார் பரிமாறுகிறார், யார் இலை எடுக்கிறார் என்று பார்ப்பேன். அசனம் நம் பக்கத்தில் எல்லாரும் ஒரே பந்தி என்று பெருமையாகச் சொல்வோம். பந்தி ஒன்றுதான். சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்தில் யாரை விடுகிறார்கள் என்று பாருங்கள்.

கிளைச்சபை ஊழியன் (ஒன்பது நாள் கழித்து)

முடிந்தது. அப்படியே எழுதுகிறேன்.

குருவானவர் முதலில் மறுத்தார். பிறகு சனிக்கிழமை இரவு போன் செய்து, "பின் வரிசையில் இருந்து விடலாம், ஆனால் காரணம் சொல்லாதே, வெயிலுக்கு வடக்கு வாசல் திறந்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஒப்புக்கொண்டேன்.

கலாத்தியரை எடுத்துவிட்டேன். யோபு 31 எட்டு நிமிடம், யாக்கோபு 2 ஆறு நிமிடம். கூலி பாக்கி, வீட்டு வாசல் இரண்டையும் யோபுவிலேயே சொன்னேன். பின் பெஞ்சைப் பார்க்கவே இல்லை, பலகணியைப் பார்த்துப் பேசினேன். நீர், நீ வாசித்தபோது இரண்டாவது வரிசையில் ஒருவர் வேதாகமத்தைப் புரட்டிச் சரிபார்த்தார். அவர் கமிட்டிக்காரர். வாசலில் எனக்குக் கை கொடுக்கவில்லை.

பாட்டி முதல் வரிசையாக எழுந்து வந்தார். மகன் பின்னாலேயே வந்தான். கிராதி அருகே முழங்காலிட முடியாமல் நின்றபடியே எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்து அங்கே முழங்காலிட்டார். தெரிந்து செய்தாரா, வரிசை அப்படி வந்ததா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை கிழக்குத் தெருவில் யாருக்கும் வேலை நிற்கவில்லை, விசாரித்துவிட்டேன். ஆனால் கமிட்டியில் அடுத்த மாதத்தில் இருந்து சபை ஊழியர்களுக்குப் பிரசங்கம் வேண்டாம், குருவானவரே செய்யட்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம்.

துதியின் தொனி

நான் போன ஞாயிறு எண்ணினேன். கிண்ணத்துக்குக் கடைசியாக வந்தவர்கள் 17 பேர். எல்லாரும் ஒரே தெரு. இதற்கு மேல் இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கிழக்கே ஒரு தெரு

ஊழியரே, வெயில் காலம் முடிந்தால் உங்கள் குருவானவர் என்ன காரணம் சொல்வார்?

கிளைச்சபை ஊழியன்

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மழைக் காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.